தீபாவளி வாழ்த்து எப்படி ஆகஸ்டுக்குப் போனது?

தீபாவளி நெருங்கினால் ஜவுளிக்கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களில் நாளுக்கு நாலைந்து பதிவுகள் வரத் தொடங்கிவிடும். யாரும் அந்தந்த நேரத்துக்கு உட்கார்ந்து அவற்றைப் போடுவதில்லை. கடையின் விளம்பர வேலையைப் பார்க்கும் ஒருவர், தேதி, நேரம், வாசகம், படத்தின் பெயர் என்று ஒரு எக்செல் தாளில் மொத்தத்தையும் நிரப்பி, அதைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, ஒரே தடவையில் ஏற்றிவிடுகிறார். நேரம் வரும்போது மென்பொருளே ஒவ்வொன்றாக வெளியிடுகிறது.

இப்படி ஏற்றப்படும் கோப்பை மென்பொருள் முதலில் சோதிக்க வேண்டும். தவறான வரிசைகளை ஏற்றியவரிடம் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை போலத்தான் இருக்கும். ஆனால் சோதனையில் மாட்டிக்கொள்ளும் தவறால் பெரிய சேதம் வராது. அது திரையில் சிவப்பாகத் தெரியும், திருத்திவிடலாம். சோதனையில் மாட்டாமல் தப்பிப் போகும் தவறுதான் கடையின் பெயரில் ஊருக்கே தெரியும்படி வெளியாகிறது. ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது விளங்கும்.

2026ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஒரு கடை அக்டோபர் 13 முதல் தீபாவளி வரை 27 நாட்களுக்கு, நாளுக்கு நான்கு வீதம் 108 பதிவுகளைத் தயாரித்து, அக்டோபர் 12ஆம் தேதியே ஏற்றிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசை தலைப்பு. 2 முதல் 77 வரை அக்டோபர் பதிவுகள், 78 முதல் 109 வரை நவம்பர். தீபாவளி காலை வாழ்த்து 106ஆம் வரிசையில் இருக்கிறது. கோப்பை நோட்பேடில் திறந்தால் இப்படித் தெரியும்:

```
தேதி,நேரம்,வாசகம்,படம்
25/10/2026,09:00,"புதிய பட்டு, புதிய நிறம்",p49.jpg
08/11/2026,09:00,தீபாவளி வாழ்த்துகள்,p105.jpg
```

நம் ஊரில் இதைப் படிக்க யாருக்கும் சிரமமில்லை. ஆனால் மென்பொருள் எழுதுபவர்கள் பெரும்பாலும் தேதியைத் தாங்களே பிரித்துப் படிப்பதில்லை. அதற்கென்று ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களைப் பயன்படுத்துவார்கள். பைத்தான் மொழியில் பலரும் எடுத்தாளும் `dateutil` அவற்றில் ஒன்று. வேறு உத்தரவு தராவிட்டால் அது அமெரிக்க வழக்கப்படி முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொள்ளும். முதல் எண் 12ஐத் தாண்டினால் அது மாதமாக இருக்க முடியாது என்று கண்டு, எதுவும் சொல்லாமல் இடம் மாற்றிப் படித்துக்கொள்ளும். அதனால் 25/10 சரியாக அக்டோபர் 25 ஆகிறது. 08/11 ஆகஸ்ட் 11 ஆகிறது. ஒரே கோப்பில் இரண்டு வரிசைகள் இரண்டு விதமாகப் படிக்கப்பட்டும் பிழை என்று எதுவும் வரவில்லை.

நம் கோப்பில் இதன் விளைவைப் பாருங்கள். அக்டோபர் 13 முதல் 31 வரை எல்லாமே 12ஐத் தாண்டிய எண்கள். 76 பதிவுகளும் சரி. நவம்பர் 1 ஜனவரி 11 ஆகிறது, நவம்பர் 2 பிப்ரவரி 11 ஆகிறது, இப்படியே போய் நவம்பர் 8 ஆகஸ்ட் 11 ஆகிறது. எல்லாம் முடிந்துபோன தேதிகள். நேரம் கடந்த பதிவை உடனே வெளியிடும்படி எழுதப்பட்ட மென்பொருளாக இருந்தால், அக்டோபர் 12ஆம் தேதியே 32 பதிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டிவிடும். தீபாவளி வாழ்த்து 27 நாள் முன்னதாகவே போய்விடும். வியாபாரம் சூடுபிடிக்கும் கடைசி வாரத்தில் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும்.

ஆகவே முதல் தற்காப்பு, கடந்த தேதியை ஒருபோதும் "இப்போதே போடு" என்று புரிந்துகொள்ளாமல் இருப்பது. அதைப் பிழையாகவே நிறுத்த வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. இதே கோப்பு பிப்ரவரி மாதத்துக்கானதாக இருந்தால், 05/02 மே 2 என்று படிக்கப்பட்டு எதிர்காலத்துக்குப் போய் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். மே மாதம் வரும்வரை யாருக்கும் தெரியாது. ஒரு வருடத்தில் இப்படி இடம் மாறினாலும் செல்லுபடியாகிற, ஆனால் வேறு நாளைக் குறிக்கிற தேதிகள் 132 இருக்கின்றன. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள். அவற்றில் 1/1, 2/2 போல இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பவை மட்டும் தப்பும்.

இரண்டாவது தற்காப்பு, தேதியை வரிசை வரிசையாக ஊகிக்காமல் கோப்பு முழுவதையும் ஒருசேரப் பார்ப்பது. முதல் எண் 12ஐத் தாண்டும் வரிசை ஒன்றாவது இருந்து, இரண்டாவது எண் 12ஐத் தாண்டும் வரிசை ஒன்றுகூட இல்லையென்றால், இந்தக் கோப்பில் நாள்தான் முதலில் வருகிறது என்று முடிவு செய்து 108 வரிசைக்கும் அதையே பொருத்தலாம். எல்லாத் தேதியும் 12க்குள் இருந்தால் ஊகிக்கவே கூடாது, ஏற்றியவரைக் கேட்க வேண்டும். இரண்டு வகையும் கலந்து கிடந்தால் கோப்பை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும்.

கலந்து கிடப்பது எப்படி நடக்கும் என்று கேட்கலாம். எக்செல்லே அதைச் செய்யும். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு வைக்கப்பட்டிருந்தால், 15/10/2026 என்று தட்டச்சு செய்ததை எக்செல் தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாக விட்டுவிடும். 01/11/2026 என்று தட்டினால் ஜனவரி 11 என்று எடுத்துக்கொண்டு 1/11/2026 என்று காட்டும். பூஜ்ஜியங்கள் காணாமல் போனதை யாரும் கவனிப்பதில்லை. அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் நவம்பர் 2, 3 என்று போகாது. ஜனவரி 12, ஜனவரி 13 என்று போகும். கோப்பில் 1/12/2026, 1/13/2026 என்று விழும். 15/10 இருக்கும் கோப்பில் 1/13 இருந்தால் எந்த ஒரு முறையிலும் அந்தக் கோப்பைப் படிக்க முடியாது. அப்போது "தேதி தவறு" என்று சொல்வதில் பயனில்லை. "2ஆம் வரிசையில் நாள் முதலில் இருக்கிறது (13/10/2026). 80ஆம் வரிசையில் மாதம் முதலில் இருக்கிறது (1/13/2026). எக்செல் சில தேதிகளை மாற்றியிருக்கலாம். 78ஆம் வரிசை முதல் தேதிகளைச் சரிபாருங்கள்" என்று சொன்னால், அந்த வேலை செய்தவருக்குத் தாம் இழுத்த இடம் எது என்று உடனே பிடிபடும்.

நேரத்திலும் இதே மாதிரி ஒரு சிக்கல் நம் பழக்கத்திலேயே இருக்கிறது. காலை 9.30 என்று புள்ளி வைத்துத்தான் நாம் எழுதுகிறோம். எக்செல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 9.3 ஆக்கிவிடும். கோப்பில் 9.3 என்று பார்க்கும் மென்பொருள் அதை ஒன்பதரை என்று கொள்வதா, ஒன்பது மூன்று என்று கொள்வதா? இரண்டுமே கூடாது. "நேரக் கட்டத்தில் 9.3 என்று இருக்கிறது. 09:30 என்றால் அப்படியே முக்காற்புள்ளி வைத்து எழுதுங்கள்" என்று கேட்பதுதான் முறை. நேரம் எந்த நாட்டு நேரம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்து, 09:00 என்பதை அந்த நேரமாகவே எடுத்துக்கொண்டால், காலை வாழ்த்து நம்மூரில் பிற்பகல் இரண்டரைக்குத்தான் வரும்.

தேதி விஷயத்தில் என் கணிப்பில் எல்லாச் சோதனையையும்விட அதிகம் உதவுவது ஒரு எளிய முன்பார்வைதான். பதிவேற்றியவுடன், உறுதி செய்யும் முன்பு, மென்பொருள் தான் புரிந்துகொண்டதை மனிதர் படிக்கும் விதத்தில் எழுதிக் காட்ட வேண்டும்: "08/11/2026, 09:00 → ஞாயிறு, 8 நவம்பர் 2026, காலை 9 மணி, இந்திய நேரம்." மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுவதும், கிழமையைச் சேர்ப்பதும் இங்கே முக்கியம். "செவ்வாய், 11 ஆகஸ்ட்" என்று வந்தால் கடைக்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். மொத்தத்துக்கும் ஒரு வரிச் சுருக்கம், "முதல் பதிவு அக்டோபர் 13, கடைசிப் பதிவு நவம்பர் 8" என்று மேலே இருந்தால் இன்னும் நல்லது. நம் கோப்பு தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் அங்கே "முதல் பதிவு ஜனவரி 11" என்று வந்திருக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே இன்னொரு பொறி இருக்கிறது. எக்செல்லில் சேமிக்கும்போது `CSV (Comma delimited)` என்றும் `CSV UTF-8 (Comma delimited)` என்றும் இரண்டு வகை வரும். நம் ஊர் விண்டோஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் அமைப்பில், முதல் வகையில் தமிழ் எழுத்துகளுக்கு இடமே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும். "தீபாவளி வாழ்த்துகள்" என்பது `??????? ???????????` ஆகிவிடும். அந்தக் கோப்பிலிருந்து எழுத்துகளை மீட்க வழியில்லை. மோசம் என்னவென்றால், கேள்விக்குறி என்பது முழுக்கச் செல்லுபடியாகும் எழுத்து. நீளம் சரி, தேதி சரி, கட்டம் காலி இல்லை. எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். பண்டிகை நாளில் கடையின் பக்கத்தில் பதினெட்டுக் கேள்விக்குறிகள் வரும். ஆகையால் நாலைந்து கேள்விக்குறிகள் அடுத்தடுத்து வரும் வாசகங்களைச் சோதனை தேட வேண்டும். பல வரிசைகளில் அப்படி இருந்தால் வரிசைப் பிழைகளை அடுக்காமல், "கோப்பைச் சேமித்தபோது தமிழ் எழுத்துகள் அழிந்துவிட்டன. எக்செல் தாளைத் திறந்து `CSV UTF-8` என்ற வகையில் மறுபடியும் சேமியுங்கள்" என்று ஒரே செய்தியாகச் சொல்லிவிட வேண்டும்.

சரியான வகையில் சேமித்தாலும் ஒரு குறும்பு உண்டு. அந்த வகையில் சேமிக்கும்போது எக்செல் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளத்தை வைக்கும். அதை நீக்காமல் படிக்கும் மென்பொருளுக்கு முதல் தலைப்பு "தேதி" அல்ல, அடையாளமும் "தேதி"யும் ஒட்டிய வேறொரு சொல். உடனே "தேதி என்ற தலைப்பு இல்லை" என்று பிழை காட்டும். ஏற்றியவர் கோப்பைத் திறந்து பார்ப்பார். தலைப்பு கண்ணெதிரே இருக்கும். மறுபடி ஏற்றுவார், மறுபடி அதே பிழை. இது மென்பொருள் எழுதியவர் சரிசெய்ய வேண்டியது. பைத்தானில் `utf-8-sig` என்று குறிப்பிட்டுத் திறந்தாலே அந்த அடையாளம் இருந்தால் கழன்றுவிடும், இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை.

நீளத்தைச் சோதிக்கும்போதும் தமிழ் வேறு கணக்கில் வரும். "தீபாவளி வாழ்த்துகள்" என்பதை நாம் இடைவெளியும் சேர்த்துப் பதினொன்று என்று எண்ணுவோம். எக்ஸ் தளம் அதை 19 என்று எண்ணும். அதன் கணக்கில் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனி. கோப்பில் பிடிக்கும் இடமோ 55 பைட். எக்ஸில் சாதாரணக் கணக்குக்கு உச்சவரம்பு 280. பைட்டை எண்ணி 280ஐ ஒப்பிடும் சோதனை, நியாயமான தமிழ்ப் பதிவுகளைக்கூட நீளம் என்று தள்ளிவிடும். நம் கண் எண்ணுவதைப் போல எண்ணும் சோதனை, தளம் மறுக்கப்போகும் பதிவை உள்ளே விட்டுவிடும். தளம் எப்படி எண்ணுகிறதோ அப்படியே எண்ண வேண்டும். செய்தியில் "வாசகம் 304 குறிகள், 280 வரைதான் போகும், 24 குறைக்க வேண்டும், உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்படும்" என்று கணக்கையும் சொல்லிவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

அடுத்தது வரிசை எண். பிழைச் செய்தியில் இருக்கும் எல்லாவற்றிலும் இதுதான் முதலில் படிக்கப்படுவது. பதிவின் வாசகத்துக்குள்ளேயே வரி உடைத்து எழுதுவது இப்போது சாதாரணம். ஒவ்வொரு பதிவும் மூன்று வரி என்று வைத்தால், எக்செல்லின் 40ஆம் வரிசை கோப்பில் 116ஆம் வரியில் தொடங்கும். தலைப்பை விட்டுவிட்டுச் சுழியத்திலிருந்து எண்ணும் நிரலாளருக்கு அதுவே 38. ஏற்றியவர் முன்னால் இருப்பது எக்செல் தாள். இடது ஓரத்தில் 40 என்று அச்சடித்தது போல் தெரிகிறது. செய்தியிலும் 40 என்றுதான் வர வேண்டும். பைத்தானில் `csv.DictReader` வெற்று வரிகளைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும் என்பதால், நடுவில் ஒரு வெற்று வரி இருந்தால் அதற்குப் பிறகு வரும் எண்கள் எல்லாம் ஒன்று குறைந்துவிடும். ஏற்றியவர் 39ஆம் வரிசையைப் பார்ப்பார், அங்கே குறை எதுவும் இருக்காது. அதனால் `csv.reader` கொண்டு தலைப்பிலிருந்து 1, 2, 3 என்று தானே எண்ணிக்கொள்வது பத்திரமானது. எண்ணோடு வாசகத்தின் முதல் நாலைந்து சொற்களையும் சேர்த்துக் காட்டினால், இடையில் யாராவது தாளை வரிசை மாற்றி அடுக்கியிருந்தாலும் பதிவைத் தேடிப் பிடித்துவிடலாம்.

மேற்கோள்குறி விட்டுப்போனால் எண்ணே அர்த்தமற்றுப் போகும். எக்செல் சேமிக்கும் கோப்பில் இது நடக்காது. நோட்பேடில் கை வைத்துத் திருத்திய கோப்பில்தான் நடக்கும். 17ஆம் வரிசையில் வாசகத்தைத் திறந்த மேற்கோள்குறி மூடப்படாவிட்டால், அடுத்த மேற்கோள்குறி வரும்வரை இருக்கும் வரிசைகள் எல்லாம் ஒரே வாசகமாக விழுங்கப்படும். மென்பொருள் முட்டிக்கொள்வது 52ஆம் வரிசையிலோ கோப்பின் முடிவிலோ இருக்கலாம். தவறு இருப்பது 17இல். ஒரு வாசகத்துக்குள் தேதியில் தொடங்கும் வரிகள் பல இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். அப்போது அந்த வாசகம் தொடங்கிய வரிசையைச் சுட்டி நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பின் வரும் எந்தப் பிழையும் நம்பத் தகுந்ததல்ல.

பிழைகளை எப்படி அடுக்கிக் காட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் பிழையிலேயே நின்றுவிடும் மென்பொருள், ஏழு தவறுக்கு ஏழு முறை ஏற்றச் சொல்லி அலைக்கழிக்கும். எல்லாவற்றையும் கொட்டும் மென்பொருள், படத்தின் பெயரில் நெடுவரிசை முழுக்க ஒரே எழுத்துப் பிசகு இருந்தால் 108 சிவப்பு வரிகளைக் காட்டும். அவற்றுக்கு நடுவே இருக்கும் ஒற்றைத் தேதிப் பிழை கண்ணில் படாது. கோப்பு முழுவதையும் சோதித்துவிட்டு, ஒரே காரணமுள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்து, "108 வரிசைகளில் படத்தின் பெயர் `.jpeg` என்று முடிகிறது, நீங்கள் ஏற்றிய படங்கள் `.jpg`" என்று ஒரு தடவை சொன்னால் போதும். ஒவ்வொரு செய்தியிலும் எந்த வரிசை, எந்தக் கட்டம், அங்கே என்ன இருந்தது, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். அங்கே இருந்ததை அப்படியே திருப்பிக் காட்டுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தாம் எழுதியது 9.30, மென்பொருளுக்கு வந்து சேர்ந்தது 9.3 என்பது அப்போதுதான் தெரியும்.

பிழைகளைத் திரையில் காட்டுவதோடு, கடைசியில் ஒரு கூடுதல் நெடுவரிசையில் குறிப்பெழுதி அதே கோப்பைத் திருப்பித் தருவதும் நல்ல வழக்கம். இதில் ஒரு ஆபத்தை அறிந்திருக்க வேண்டும். `=`, `+`, `-`, `@` இவற்றில் ஒன்றில் தொடங்கும் கட்டத்தை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளக்கூடும். யாரையாவது குறிப்பிட்டு `@` வைத்துத் தொடங்கும் பதிவுகள் ஏராளம். பிறர் எழுதிய உள்ளடக்கமாக இருந்தால் அதற்குள் தீங்கான சூத்திரம்கூட ஒளிந்திருக்கலாம். முன்னால் ஒற்றை மேற்கோள்குறி சேர்த்துத் தருவது பாதுகாப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழி. ஆனால் இங்கே திருத்திய கோப்பு மறுபடியும் ஏற்றப்படும். அந்த ஒற்றைக்குறி பதிவோடு சேர்ந்து வெளியாகிவிடும். சிஎஸ்வியாகத் தராமல், வாசகக் கட்டங்களை எழுத்து வகை என்று குறித்த எக்செல் கோப்பாகவே தருவது இரண்டு தொல்லையையும் தவிர்க்கும்.

ஏழு வரிசை தவறு, 101 சரி என்றால் என்ன செய்வது? ஒன்று தவறினாலும் எல்லாவற்றையும் நிறுத்துவது பத்திரம். ஆனால் அவசரத்தில் இருப்பவருக்கு அது பெரிய தடை. சரியானவற்றைத் தானாகவே சேர்த்துவிடுவதும் சரியில்லை, ஏனென்றால் "பகுதி 1, பகுதி 2" என்று தொடராகப் போகும் பதிவுகளில் நடுவில் ஒன்று விழுந்துவிடும். ஏற்றியவரிடமே விட்டுவிடலாம்: "101ஐ இப்போது சேர்க்கவா, எல்லாவற்றையும் திருத்திவிட்டு வருகிறீர்களா?" 101ஐச் சேர்த்தால், மீதி ஏழை மட்டும் தனிக் கோப்பாகத் தர வேண்டும்.

அப்படித் தந்தாலும் மனிதர்கள் தங்கள் பழைய தாளிலேயே அந்த ஏழையும் திருத்தி, 108ஐயும் மறுபடி ஏற்றுவார்கள். அது இயல்பு, அதற்குத் தயாராக இருக்க வேண்டியது மென்பொருள். இல்லாவிட்டால் 101 பதிவுகள் இரண்டிரண்டு தடவை போகும். கணக்கு, நேரம், வாசகம் மூன்றையும் ஒப்பிட்டு இரட்டிப்பைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் வாசகத்தில் ஒரு எழுத்தை மாற்றியிருந்தால் புதிய பதிவாகத் தோன்றிவிடும். தாளில் ஒவ்வொரு பதிவுக்கும் கடையே இடும் ஒரு எண்ணுக்கு நெடுவரிசை வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. அதே எண் மறுபடி வந்தால் புதிதாகச் சேர்க்காமல், "ஏற்கெனவே இருக்கிறது, மாற்றம் இல்லை: 100, வாசகம் மாறியிருக்கிறது: 1, புதியவை: 7" என்று காட்டிக் கேட்கலாம்.

சோதித்ததற்கும் உறுதி செய்வதற்கும் நடுவில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பத்து மணிக்குச் சோதித்தபோது பத்தேகால் பதிவு சரியாகத்தான் இருந்தது. ஏற்றியவர் முன்பார்வையை நிதானமாகப் படித்து, முதலாளியிடம் காட்டி, பத்தரைக்குப் பொத்தானை அழுத்துகிறார். அந்தக் கணத்தில் தேதிச் சோதனை மட்டும் இன்னொரு முறை ஓட வேண்டும். "2ஆம் வரிசையின் நேரம் (இன்று காலை 10:15) இப்போது கடந்துவிட்டது. வேறு நேரம் தருகிறீர்களா, விட்டுவிடலாமா?" என்று கேட்டுவிட்டு, மற்ற 107ஐ வரிசையில் சேர்க்கலாம்.